கணைய அழற்சி மாடலின் 0.84 ஏயூசியை அப்படியே எழுதலாமா?

கேள்வி: எம்.டி. ஆய்வேட்டுக்காக, கணைய அழற்சியோடு வந்து சேர்ந்த 412 பேரில் யாருக்கு ஐசியூ தேவைப்படும் என்று கணிக்கும் லாஜிஸ்டிக் மாடல் செய்தேன். 46 பேருக்குத் தேவைப்பட்டது. 18 மாறிகளில் ஆரம்பித்து, பேக்வர்ட் எலிமினேஷனில் 5 மிஞ்சின. மொத்தத் தரவில் ஏயூசி 0.84, ஹாஸ்மர்-லெமெஷோ பி மதிப்பு 0.6. 70:30 ஆகப் பிரித்துப் பார்த்தபோது 0.80. இதை எழுதினால் போதுமா?

பதில்: போதாது. ஆனால் தரவு கையில் இருப்பதால் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த 70:30. சோதனைக்கு ஒதுக்கிய 124 பேரில் ஐசியூ போனவர்கள் சுமார் 14 பேர்தான் இருப்பார்கள். 14 பேரை வைத்துக் கணக்கிட்ட 0.80-க்கு 95% நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.66 முதல் 0.94 வரை போகும். வேறு ரேண்டம் சீட் எண் போட்டு மறுபடி பிரித்தால் வேறு எண் வரும். 46 நிகழ்வுகளே குறைவு, அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாடல் கட்டவே பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். இந்தப் பிரிப்பை விட்டுவிட்டு 412 பேரையும் வைத்து மாடல் கட்டுங்கள், பூட்ஸ்ட்ராப்பில் சரிபாருங்கள்.

பூட்ஸ்ட்ராப்பில் நடப்பது இதுதான். 412 பேரிலிருந்து, எடுத்தவரையே திரும்ப எடுக்க விட்டு, இன்னொரு 412 பேர் கொண்ட மாதிரி எடுக்கிறோம். அதில் மாடலைப் புதிதாகக் கட்டி, அதே மாதிரியிலும் மூலத் தரவிலும் ஏயூசி பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆப்டிமிசம். 500 முறை செய்து, அதன் சராசரியை 0.84-இலிருந்து கழிக்க வேண்டும்.

பலர் தவறுவது "மாடலைப் புதிதாகக் கட்டி" என்ற இடத்தில். நானும் முதல் ஆய்வில் கடைசியாக மிஞ்சிய மாறிகளை மட்டும் பூட்ஸ்ட்ராப்புக்குக் கொடுத்தேன். ஏயூசி 0.01 மட்டுமே இறங்கியது, சந்தோஷமாக எழுதியும்விட்டேன். ஆனால் 18-இலிருந்து 5-ஐத் தேர்ந்தெடுத்ததும் அதே தரவைப் பார்த்துத்தானே? அந்தத் தேர்வும் 500 முறையும் முதலிலிருந்து நடக்க வேண்டும். ஆர் மென்பொருளின் `rms` தொகுப்பில், 18 மாறிகளும் உள்ள `lrm` மாடலை `x = TRUE, y = TRUE` என்று கட்டி `full` எனப் பெயரிட்டுக்கொண்டால்:

```
set.seed(7)
validate(full, B = 500, bw = TRUE, rule = "p",
         type = "individual", sls = 0.05)
```

வெளியீட்டில் ஏயூசி நேராக இருக்காது, `Dxy` இருக்கும். அதைப் பாதியாக்கி 0.5 கூட்டினால் ஏயூசி. திருத்திய `Dxy` 0.56 என்று வந்தால் உங்கள் 0.84 உண்மையில் 0.78. எந்த மாறி எந்தச் சுற்றில் மிஞ்சியது என்ற அட்டவணையும் வரும். அதைக் கட்டாயம் பாருங்கள். 46 நிகழ்வுக்கு 18 மாறிகள் என்றால், உங்கள் ஐந்தில் சில பாதிச் சுற்றுகளில் காணாமல் போனாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் காலிபிரேஷன். எனக்கு ஏயூசியைவிட இதுதான் கவலை. 30% என்று மாடல் சொன்னவர்களில் உண்மையாகவே நூற்றுக்கு 30 பேர் ஐசியூ போகிறார்களா என்பதே கேள்வி. ஹாஸ்மர்-லெமெஷோ இதற்குப் பதில் தராது. சிறிய தரவில் பெரிய பிசகையும் தவறவிடும், பிசகு எந்தப் பக்கம் என்றும் சொல்லாது. கணிப்பும் நடப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் காலிபிரேஷன் சரிவை, மாடல் கட்டிய அதே தரவில் கணக்கிட்டாலும் பயனில்லை. லாஜிஸ்டிக் மாடலில் அது எப்போதும் 1 தான் வரும், அப்படித்தான் அந்தக் கணக்கே அமைந்திருக்கிறது.

பார்க்க வேண்டியது அதே வெளியீட்டில் `Slope` வரிசையின் திருத்திய மதிப்பு. அது 0.70 என்று வைத்துக்கொள்வோம். மாடல் மிகையாகப் பேசுகிறது என்று பொருள்: ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இன்னும் அதிகமாகவும், குறைவாக உள்ளவருக்கு இன்னும் குறைவாகவும் சொல்கிறது. கெழுக்களை 0.70-ஆல் பெருக்கி, மாறிலியை மறுபடி மதிப்பிட்டால், உங்களைப் போன்ற தரவில் 60% என்றிருந்தது ஏறத்தாழ 45% ஆகும், 2% என்றிருந்தது 4% பக்கம் போகும். வார்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று 2%-ஐ நம்பி முடிவெடுக்கும் டாக்டருக்கு இது சின்ன வித்தியாசமல்ல.

ஆகவே ஆய்வேட்டில் திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஏயூசி, சரிவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். `calibrate` தரும் வளைகோட்டை வரையுங்கள். 18 மாறிகளில் ஆரம்பித்ததை மறைக்காமல் எழுதுங்கள். கெழுக்களை இப்படிச் சுருக்கிய சமன்பாட்டை மாறிலியோடு முழுதாகக் கொடுங்கள், அது இல்லாமல் வேறு யாரும் உங்கள் மாடலைச் சோதிக்கவே முடியாது. கணிப்பு மாடல்களை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று சொல்லும், 2015-இல் வந்த டிரைபாட் வழிகாட்டியும் முழுச் சமன்பாட்டைக் கேட்கிறது. 2024-இல் அதன் புதிய வடிவம் வந்துவிட்டது, அந்தப் பட்டியலை நிரப்பி இணைப்பில் வையுங்கள்.

0.78, 0.70 என்று எது வந்தாலும் அது உங்கள் மருத்துவமனைக்கு வருகிற மாதிரியான நோயாளிகளுக்கு மட்டும்தான். ஐசியூவில் யாரைச் சேர்ப்பது என்ற வழக்கம் வேறாக உள்ள இடத்தில் மாறிலியே பொருந்தாமல் போகலாம். அதையும் வரம்புகள் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.