2ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் படகை எடுக்கலாமா?

"பவானிசாகர் அணைல மீன் பிடிச்சவங்க நாங்க, இப்ப நாகையில படகு வேலை. துறைமுகப் பலகைல 2, பக்கத்துல சிவப்புக் கொடி. போட்டோ போட்டிருக்கேன். கடல் அமைதியாத்தான் இருக்கு. போலாமுங்களா?"

போகாதீங்க. 2 என்றால் தூரக் கடலில் புயல் உருவாகிவிட்டது என்று பொருள். துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை, அங்கிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. கரையோரம் அமைதியாகத் தெரிவதும் அதனால்தான்.

எண் சின்னது, அதனால் பயமில்லை என்று நினைத்திருப்பீர்கள். 3, 4 வந்தால்தான் துறைமுகத்திலேயே காற்று அடிக்கும். அதற்கு மேலே எண் ஏறினால் புயல் பெரிதாகிறது என்றும் எப்போதும் சொல்ல முடியாது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, அதை ஒட்டியா கரை கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10க்கும் இதே கணக்கு, ஆனால் புயல் தீவிரமானது.

கொடியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். போட்டோ எப்போது எடுத்தது என்று பாருங்கள், அப்புறம் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் நீங்கள் போகும் கடல் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பலகையில் எந்த எண் இருந்தாலும் போகக் கூடாது.

ஒன்று, கூண்டு அந்தந்தத் துறைமுகத்துக்கு மட்டும். அதே நாளில் கடலூரில் வேறு எண் இருக்கலாம். அணையில் காற்று கிளம்பினால் பரிசலைச் சீக்கிரம் கரை சேர்த்துவிடலாம், ஆழ்கடலில் அந்த வசதி கிடையாதுங்க.