சிம்னிக்கு இரண்டு பக்கமும் ஒரே கோடு வருகிறதா? கிச்சன் ரெண்டர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஏஐ கொடுக்கும் கிச்சன் படம் முதல் பார்வைக்கு அழகாக இருக்கிறது. கிளையன்ட் பெரிதாக்கிப் பார்த்தால் கோணல். நான் எதை முதலில் பார்க்க வேண்டும்?

சிம்னியைப் பாருங்கள். மேல் கேபினெட்டின் அடிக்கோடு இடது பக்கத்திலிருந்து வந்து சிம்னியில் நின்று, வலது பக்கம் மறுபடி தொடங்கும். இடையில் மறைந்த கோட்டை மாடல் நினைவில் வைப்பதில்லை. மறுபக்கம் புதிதாக வரையும்போது சற்று மேலோ கீழோ போட்டுவிடும். டால் யூனிட்டை ஒட்டி நிற்கும் கவுண்டரிலும், குழாய்க்குப் பின்னால் ஓடும் டைல் வரிசையிலும் இதே கதைதான். கிரிட்டா என்ற வரைமென்பொருளில் படத்தைத் திறந்து, ஒரு கைடை அந்த அடிக்கோட்டில் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: பிராம்ப்டில் "நேரான கோடுகள், துல்லியமான அமைப்பு" என்று எழுதினால் போதாதா? எனக்குச் சில சமயம் சரியாக வந்திருக்கிறது.

அப்படி எழுதினால் படத்தின் தோரணை மாறும், அளவு மாறாது. உங்களுக்குச் சரியாக வந்தது பல முயற்சிகளில் ஒன்றாக இருக்கும். அளவை வார்த்தையில் சொல்ல முடியாது, கோட்டுப்படமாகத்தான் கொடுக்க வேண்டும்.

நான் செய்த ஒரு சுவரைச் சொல்கிறேன். 3000 மி.மீ. நீளம். இடது ஓரத்தில் 600 டால் யூனிட், அப்புறம் 750 கேபினெட், 900 சிம்னி, மறுபடி 750. கீழேயும் அதே பிரிவு: அடுப்புக்கு அடியில் 900 டிராயர், இருபுறமும் 750. மேலும் கீழும் ஷட்டர் இடைவெளிகள் ஒரே செங்குத்தில் விழும். இதை ஸ்கெட்ச்அப்பில் கட்டி, கேமராவை `Two-Point Perspective`-இல் வைத்தேன். செங்குத்துக் கோடுகள் சாயாமல் இருக்க இது அவசியம். நிழலை அணைத்து, வெறும் கோடாக, கடைசியில் உருவாக்கப்போகும் படத்தின் அதே பிக்சல் அளவில் எக்ஸ்போர்ட் செய்து, ஸ்டேபிள் டிஃப்யூஷனைக் கோட்டுப்படத்தின்படி வரையவைக்கும் கன்ட்ரோல்நெட்டுக்குக் கொடுத்தேன்:

```
Preprocessor: invert (from white bg & black line)
Control Weight: 0.9
Ending Control Step: 1
```

கடைசி எண்ணைப் பலர் 0.6 என்று குறைத்துவிடுவார்கள். அப்போது கடைசிப் படிகளில் பிடி விட்டுப்போய் ஓரங்கள் நெளியும்.

கேள்வி: நான் எம்எல்எஸ்டி பிரிப்ராசஸர் பயன்படுத்துகிறேன், நேர்க்கோடு கச்சிதமாக வருகிறது. ஆனால் வளைந்த கண்ணாடி சிம்னி தகரப்பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது.

அது நேர்க்கோட்டை மட்டும்தான் எடுக்கும், வளைவைக் கண்டுகொள்ளாது. கன்ட்ரோல்நெட்டின் இரண்டாவது யூனிட்டில், எது அருகில் எது தூரத்தில் என்று காட்டும் அதே காட்சியின் டெப்த் படத்தை 0.4 அளவில் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடியின் வடிவம் திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நிஜமாகவே டைல் ஜாயின்ட் சிம்னி நடுவோடு சேரவில்லை. மேஸ்திரி இடது மூலையிலிருந்து ஒட்டிவிட்டார். இதை ரெண்டரில் சரிசெய்ய முடியுமா?

ஒட்டிய டைலை ரெண்டர் மாற்றாது, அம்மா. அடுத்த முறை மேஸ்திரியிடம் சிம்னி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். வெட்டுத்துண்டு ஓரங்களில் போய்விடும். ரெண்டரிலும் நான் அப்படித்தான் தொடங்குவேன்.

கேள்வி: கோட்டுப்படம் கொடுத்தும் டைல் மட்டும் நெளிகிறது. கிரவுட் கோடு நடுவில் காணாமல் போகிறது. ஏன்?

மேலே சொன்ன சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1024 பிக்சல் படத்தில் 3000 மி.மீ. சுவர் ஏறக்குறைய 1000 பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்கு 3 மி.மீ. ஷட்டர் இடைவெளி 3 மி.மீ., ஒரு பிக்சல். கிரவுட் 2 மி.மீ., ஒரு பிக்சல்கூட இல்லை. போதாததற்கு, ஸ்டேபிள் டிஃப்யூஷன் உள்ளே 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 24 மி.மீ. கட்டத்துக்குள் 2 மி.மீ. கோட்டை அது எங்கே வைக்கும்?

அதனால் டைலை அதனிடம் நான் கேட்பதே இல்லை. பேக்ஸ்பிளாஷை வெற்று வெள்ளைச் சுவராக உருவாக்கச் சொல்வேன். கேபினெட் அடியிலிருந்து விழும் வெளிச்சமும் சிம்னி நிழலும் அதில் வந்துவிடும். பிறகு கிரிட்டாவில் டைல் கட்டத்தைத் தனி லேயரில் வரைந்து, பெர்ஸ்பெக்டிவுக்குப் பொருத்தி, `Multiply`-இல் மேலே போடுவேன். கவுண்டருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே 600 மி.மீ.; கிரவுட்டையும் சேர்த்து ஒரு வரிசை 75 மி.மீ. என்றால் சரியாக 8 வரிசை, வெட்டுத்துண்டே இல்லை. அதற்குப் பின் அந்த இடத்தை மறுபடி மாடலுக்குள் அனுப்பக் கூடாது, கட்டம் கலைந்துவிடும்.

கைப்பிடி, ஷட்டர் ஓரம் போன்றவற்றை `Inpaint area: Only masked` வைத்து 0.35 டினாய்ஸில் திருத்தலாம். அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கி வரைவதால் பிக்சல் போதுமான அளவு கிடைக்கும்.

கேள்வி: பளபளக்கும் ஹை கிளாஸி அக்ரிலிக் ஷட்டர் என்றால், டால் யூனிட்டின் பக்கவாட்டில் டைல் பிரதிபலிக்க வேண்டுமே? நீங்கள் சொல்லும் முறையில் வெள்ளைச் சுவர்தானே தெரியும்?

ஆமாம், சரியாகப் பிடித்தீர்கள். டைல் லேயரைக் கிடைமட்டமாகத் திருப்பி, மங்கலாக்கி, 15 சதவீதத்தில் அந்தப் பக்கவாட்டின் மேல் வைக்கிறேன். நேர்ப்பார்வைப் படத்தில் பக்கவாட்டு அதிகம் தெரியாது, அதனால் ஒப்பேறிவிடும். மூலையிலிருந்து பார்க்கும் படத்தில் இன்னும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. அந்தக் கோணம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மேட் ஃபினிஷில்தான் காட்டுகிறேன்.