சாப்பாட்டு விலை உயர்வை எப்படி அறிவிப்பது?

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெஸ் வைத்திருக்கிறேன். சாப்பாடு 90இலிருந்து 100 ஆகிறது. 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று எழுதி ஒட்டினேன். டோக்கன் வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எப்படி எழுதுவது?"

அந்தத் தாளை எடுத்துவிட்டு இதை ஒட்டுங்கள்:

"வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். அரிசி, எண்ணெய் விலையும் சமையல் ஆட்களின் சம்பளமும் கூடியிருப்பதால், வரும் 1ஆம் தேதி முதல் சாப்பாடு 90 ரூபாயிலிருந்து 100 ரூபாயாகிறது. அளவிலும் கூட்டு, பொரியலிலும் குறைவு இராது. ஏற்கெனவே வாங்கிய டோக்கன்கள் தீரும்வரை பழைய விலையே."

முகம் சுளிப்பு பத்து ரூபாய்க்காக மட்டும் இருக்காது. முன்பணம் கட்டியவருக்குத் தம் டோக்கன் செல்லுமா என்ற கேள்விதான் முதலில் எழும். உங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒட்டுவதற்கு முன், எழுதும் ஒவ்வொரு காரணத்தையும் ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 19 கிலோ சிலிண்டர் 200 ரூபாய் ஏறி, அதில் 100 சாப்பாடு சமைக்கிறீர்கள் என்றால், தலைக்கு 2 ரூபாய்தான் வருகிறது. அப்படியிருக்க, கேஸ் விலையை மட்டும் காரணமாகக் காட்டினால், தினமும் சாப்பிடுகிற அரசு அலுவலர் கை கழுவுவதற்குள் கணக்குப் போட்டுவிடுவார். சம்பளம்தான் பெரிய பங்கு என்றால் அதையே முதலில் எழுதுங்கள்.

மீன் விலையைச் சாப்பாட்டு விலையோடு சேர்க்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்து ஏற்றம் பிறகு இறங்கக்கூடியது. அதற்காக ஏற்றிய விலையை ஜூலையிலும் வாங்கினால் கேள்வி வரும். மீன் வறுவலுக்கு அன்றைய விலையைக் கரும்பலகையில் தனியாக எழுதிவிடுங்கள்.