நீராவி கூடக் கூட குழாய்ச் சுவர் ஏன் குளிர்கிறது?

அன்புள்ள ஐயா,

பாய்லர் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். செங்குத்துக் குழாயில் தண்ணீர் கொதித்து மேலேறும்போது, நீராவி கூடக் கூட வெப்பப் பரிமாற்றக் கெழுவும், அதாவது சுவரிலிருந்து வெப்பம் எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்ற அளவும், கூடும் என்று படித்தேன். நீராவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாதே, கெழு குறையத்தானே வேண்டும்?

ஒரு வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீராவி சுவரைத் தொட்டால் குறையும்தான். ஆனால் குழாயின் பெரும்பகுதியில் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது தண்ணீர்.

70 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 286 டிகிரியில் கொதிக்கிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவியானதுமே, இரண்டும் ஒரே வேகத்தில் போவதாகக் கொண்டால், குழாயின் இடத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். கீழே குமிழ்களாக இருந்தது மேலே போகப்போக நடுவில் ஒரே ஓட்டமாகச் சேர்ந்துவிடும். தண்ணீர் சுவரோரம் படலமாக ஒதுங்கும். ஆவி பெருகப் பெருக அதன் வேகமும் ஏறும். அது படலத்தை மேலே இழுத்து மெலிய வைக்கும். மெலிந்த படலத்தை வெப்பம் சட்டென்று கடந்து, அதன் மேற்பரப்பிலேயே தண்ணீரை ஆவியாக்கிவிடும். சுவரில் குமிழ் பிறக்கத் தேவையான சூடுகூட மிஞ்சாது. 1966-இல் ஜான் சென் தந்த சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: ஓட்டத்தின் பங்கு வளர்கிறது, குமிழின் பங்கு அடங்குகிறது. வெப்பப் பாய்வு மிக அதிகமாக இருந்தால் மட்டும் குமிழ்களின் கை நெடுந்தூரம் ஓங்கியிருக்கும். அங்கே நீங்கள் படித்த ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது.

சரி, எதுவரை ஏறும்? படலம் இருக்கும்வரை. ஆவியாவது ஒரு பக்கம், வேகமான ஆவி துளிகளைப் பிய்த்துக்கொண்டு போவது இன்னொரு பக்கம். தண்ணீர் முழுதும் ஆவியாவதற்கு வெகு முன்பே சுவர் காய்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 400 கிலோவாட் வெப்பம் உள்ளே போகிறது. படலம் இருக்கும் இடத்தில் கெழு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 40,000 வாட் என்று வையுங்கள். சுவர் தண்ணீரைவிட 10 டிகிரிதான் கூடுதல், அதாவது 296. காய்ந்தபின் கெழு 2,000 ஆனால் வித்தியாசம் 200 டிகிரி, சுவர் 486. சாதாரண கார்பன் எஃகு அந்தச் சூட்டில் நாளடைவில் வலுவிழந்து, உப்பி வெடிக்கும்.

துளிகள்தான் இன்னும் ஓடுகின்றனவே, அவை சுவரைக் குளிர்விக்காதா என்று கேட்கலாம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் ஒட்டாமல் உருண்டோடுமே, அதுதான் இங்கேயும். துளிக்கும் சுவருக்கும் நடுவே ஆவி மெத்தை போலக் கிடக்கிறது.

கிண்டியில் படித்த காலத்தில், மின்சாரத்தால் சூடேற்றிய குழாயின் வெளியே வரிசையாக வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டி இதைப் பார்த்திருக்கிறேன். வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். உச்சியில் இருந்ததன் அளவு முதலில் நடுங்க ஆரம்பித்தது: படலம் கிழிந்து சுவர் சுடும், மறு நொடி ஒரு நீர்க்கீற்று வந்து நனைக்கும். அப்புறம் நடுக்கம் நின்றது, முள் நேராக ஏறியது. அதற்குக் கீழே ஒட்டியிருந்தவை அசையவே இல்லை.