கிளாஸ் வுல் வேலையில் அரிப்பைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி: வெப்பத்தைத் தடுக்க மேற்கூரைக்கு அடியில் கிளாஸ் வுல் பதிக்கப் போகிறேன். முன்பு ஒருமுறை தொட்டதற்கே கையெல்லாம் அரித்தது. அரிப்பு, தூசி இல்லாமல் எப்படிச் செய்வது?

பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை. கண்ணாடி இழைகளின் முனைகள் தோலின் மேல்பகுதியில் குத்தி நிற்பதால் வரும் எரிச்சல். பாறை இழையால் ஆன ராக் வுல்லும் இப்படித்தான் அரிக்கும். சொறிந்தால் இழை இன்னும் ஆழமாக இறங்கும்.

நான் முதல்முறை கூரையில் பதித்தபோது அரைக்கை பனியனும் முகத்தில் ஒரு கைக்குட்டையும்தான். அன்று இரவு கழுத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் சிவந்து தடித்துவிட்டது. சுடுதண்ணீரில் தேய்த்துக் குளித்தேன், அரிப்பு கூடியது. இப்போது முதலில் தேய்க்காமல் குளிர்ந்த நீரை ஓடவிட்டு இழைகளைக் கழுவுகிறேன். அதன் பிறகுதான் சோப்பு. கண்ணில் விழுந்தாலும் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உறுத்தல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

உடை தளர்வாக இருக்கட்டும். இறுக்கமான துணி இழையைத் தோலோடு அழுத்தி உரசும். முழுக்கை, மூடிய கழுத்துப்பட்டி, தலையை மூடும் துணி, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி, கையுறை இவ்வளவும் வேண்டும். கூரை வேலையில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் தரும். கையைத் தூக்கியே வேலை செய்வதால் சட்டைக்கை கையுறைக்கு மேலே இருந்தால் அதன் வாய் மேல்நோக்கித் திறந்து, விழும் தூசியெல்லாம் உள்ளே போகும். அதனால் கையுறையைச் சட்டைக்கைக்கு மேல் இழுத்துவிட்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கைக்குட்டை நுண்ணிய இழையைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும், கவனியுங்கள். புற்றுநோய் பயம் பலருக்கு உண்டு. வெப்பக் காப்புக்குப் பயன்படும் கிளாஸ் வுல், ராக் வுல் இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 3-ம் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று. ஆனால் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், முகக்கவசத்தை விடாதீர்கள். பழைய கூரையைப் பிரிப்பதாக இருந்தால், அங்கிருக்கும் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்துகொள்ளும்வரை தொடவே வேண்டாம்.

தூசி அதிகம் கிளம்புவது வெட்டும்போதுதான். பதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோன பிறகே கிளாஸ் வுல் கட்டைப் பிரியுங்கள். கீழே பலகையில் வைத்து, மேலே நேரான சட்டத்தால் அமுக்கி, நீளமான கூர்க்கத்தியால் வெட்டுங்கள். மின்ரம்பம் வேண்டாம். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மீண்டும் எழும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்யூமால் இழுங்கள், இல்லையென்றால் ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம் அந்த உடைகள். வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். இயந்திரத்தில் போட்டால், பிறகு துணியில்லாமல் ஒருமுறை ஓட்டி இழைகளை வெளியேற்றிவிடுங்கள்.