குரல்பதிவின் எழுத்துப்படியை வேற்றுமொழிச் செய்தியாக்குதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தமிழில் பேசிய குரல்பதிவின் எழுத்துப்படியை ஆங்கிலச் செய்தியாக்க வேண்டும். முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு சுருக்கலாமா?

கூடாது. பேசிய மொழியிலேயே செம்மைப்படுத்திவிட்டு, அதன் பிறகே மொழிமாற்ற வேண்டும். ஒருவர் வாய்மொழியாகத் தந்த ஒரு கொள்முதல் கேட்பை எடுத்துக்கொள்வோம்; எழுத்துப்படியில் நிறுத்தற்குறி எதுவும் இல்லை:

"அந்த டைல்ஸ் வந்து பதினஞ்சு பெட்டி செவ்வாய்க்கிழமை இல்ல இல்ல புதன்கிழமை காலைல அனுப்பிடுங்க இருங்க போன தடவ மிச்சம் மூணு இருக்கு அப்ப பன்னிரண்டு போதும் புதன் காலைல மறந்துடாதீங்க அந்த பதினஞ்சு பெட்டியும் வந்து இறங்கினதும் பணம் அநேகமா அன்னைக்கே போட்டுடலாம்"

இதை அப்படியே மொழிபெயர்த்தால், பேசியவர் கைவிட்ட செவ்வாய்க்கிழமையும் அவர் முடிவுசெய்த புதன்கிழமையும் இலக்கண சுத்தமான இரண்டு வாக்கியங்களாக அமர்ந்துவிடும். எது தடுமாற்றம், எது முடிவு என்பதைக் காட்டும் தடயம் மறைந்துவிடும். ஆகவே பேச்சாளர் மனத்தை மாற்றிக்கொண்ட இடங்களை மூலத்திலேயே குறித்துக்கொண்டு, கைவிடப்பட்டதை அடித்துவிட்டு, எஞ்சியதை எழுத்துத் தமிழில் ஓரிரு வாக்கியங்களாக எழுதிப் பார்ப்பதே சரியான முறை.

கேள்வி: 'வந்து', 'இல்ல' போன்ற நிரப்புச் சொற்களைத் தேடி ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டால் வேலை எளிதாகாதா?

வேலை எளிதாகும், பொருள் கெடும். மேலே முதலில் வரும் 'வந்து' வெறும் இடைநிரப்பு. 'வந்து இறங்கினதும்' என்பதில் உள்ளதோ வினைச்சொல். 'இல்ல' இன்னும் கவனத்துக்குரியது, ஏனெனில் அது பேச்சில் பழக்கச் சொல்லாகவும், மறுப்பாகவும், 'இப்போது சொன்னதை விட்டுவிடுங்கள்' என்ற திருத்தக் குறியாகவும் வரும். இங்கே 'இல்ல இல்ல' திருத்தக் குறி. அதை மட்டும் நீக்கினால் செவ்வாயும் புதனும் அருகருகே நின்று, இரண்டு நாளும் சரக்கு வேண்டும் என்ற பொருளைத் தந்துவிடும். 'இருங்க' என்பதும் அவ்வாறே: அதற்குப் பின் வருவது முன்சொன்னதை மாற்றக்கூடும் என்ற எச்சரிக்கை அது. எனவே ஒவ்வொரு நிரப்புச் சொல்லையும் நீக்குவதற்கு முன், அதன் இருபுறமும் உள்ள விவரங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே விவரம் இருவிதமாக வந்தால், கடைசியாகச் சொன்னதையே கொள்ளலாம் அல்லவா?

பெரும்பாலும் பொருந்தும் வழிதான். ஆனால் இந்த எடுத்துக்காட்டில் அது தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். கடைசியாக வருவது 15 பெட்டி. அதற்கு முன்னரே மிச்சம் 3 இருப்பதைக் காரணம் காட்டி 12 போதும் என்று பேசியவர் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். பின்னால் வரும் 'பதினஞ்சு' முதலில் மனத்தில் இருந்த எண் நாவில் திரும்ப வந்ததாகவே தெரிகிறது. காரணத்தோடு வந்த திருத்தம், போகிறபோக்கில் வந்த குறிப்பைவிட வலிமையானது. ஆயினும் அளவு, தொகை, தேதி ஆகியவற்றில் இத்தகைய முரண் இருந்தால், '12 பெட்டி என்று எழுதுகிறேன், சரிதானே?' என்று பேசியவரிடம் ஒரு வரி கேட்டு உறுதிசெய்த பிறகே செய்தியை அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதன் காலை இரண்டு முறை வருவது முரண் அல்ல, வலியுறுத்தல். செய்தியில் அதை ஒருமுறை, முதல் வாக்கியத்திலேயே எழுதினால் போதும்.

கேள்வி: 'அநேகமா' என்பதையும் நீக்கிவிடலாமா?

நீக்கவே கூடாது. அது நிரப்புச் சொல் அன்று, வாக்குறுதியின் அளவு. அதை விட்டால், அன்றே பணம் தருவதாக அவர் செய்யாத உறுதியை அவர் பெயரில் நீங்கள் செய்தவராவீர்கள். 'போட்டுடலாம்' என்பதில் யார் செலுத்துவது என்பது வெளிப்படையாக இல்லை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதால், செலுத்துவது வாங்குபவரான பேச்சாளர் தரப்பே என்பதைத் தமிழிலேயே தீர்மானித்துவிடுங்கள். மிச்சம் 3 பெட்டி இருக்கிறது என்ற விவரம் விற்பவருக்குத் தேவையற்றது, அதை விட்டுவிடலாம். மொழிமாற்றத்துக்கு ஆயத்தமான வடிவம் இதுதான்:

"புதன்கிழமை காலையில் 12 பெட்டி டைல்ஸ் அனுப்புங்கள். அவை வந்து இறங்கியதும், பெரும்பாலும் அன்றே, பணம் செலுத்துகிறோம்."

இவ்விரண்டு வாக்கியங்களையும் மொழிபெயர்க்கும்போது, வேண்டுகோளின் மரியாதைத் தொனியை அந்த மொழியின் வழக்கப்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுத்துப்படி மட்டும் போதுமா, ஒலியையும் கேட்க வேண்டுமா?

எண்கள், பெயர்கள், எதிர்மறை வினைகள் வரும் இடங்களை மட்டுமாவது கேளுங்கள். 'வரும்', 'வராது' போன்றவற்றின் வேறுபாடு சொல்லின் ஈற்றில்தான் இருக்கிறது. பேச்சில் விழுங்கப்படுவதும் எழுத்துப்படியில் பிழையாவதும் பெரும்பாலும் அந்த ஈறுதான்.

கேள்வி: 'நாளைக்கு' என்று பேசியிருந்தால் அப்படியே எழுதலாமா?

குரல்பதிவு பேசப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டு, கிழமையையும் தேதியையும் எழுதுங்கள்.