அட்மின் போய்விட்டார், டொமைன் இருக்கிறது: கேள்வி பதில்

ஆம்பூர் வாசகர்: அண்ணே, எங்க ஷூ அப்பர் யூனிட்டுல 22 பேருக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் மெயில். ஒரே அட்மினா இருந்த தம்பி வேலையை விட்டுட்டான், போனும் எடுக்கல. என்ன பண்றது?

மற்றவர்களுக்கு மெயில் வந்துகொண்டுதான் இருக்கும், பதறாதீர்கள். டொமைன் உங்கள் கையில் இருந்தால் அந்தத் தம்பி இல்லாமலேயே மீட்கலாம். admin.google.com-இல் அவருடைய அட்மின் முகவரியைக் கொடுத்து, பாஸ்வேர்டு மறந்த வழியில் போங்கள். குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு, டொமைனைக் காட்டி மீட்கும் படிவத்துக்கு வாருங்கள். டொமைனின் பதிவேடான டி.என்.எஸ்.-இல் சேர்க்க, ஒரு எண்ணைப் பெயராகக் கொண்ட CNAME பதிவு தருவார்கள். அவர்கள் பதில் அனுப்ப, வேறொரு மெயில் முகவரி கொடுங்கள். கணக்கு தொடங்கிய தேதி, பில் விவரம் ஆகியவற்றையும் கேட்கலாம், எடுத்து வையுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: பதிவைச் சேர்த்து ரெண்டு நாளாச்சு சார், ஒண்ணும் நடக்கல.

எந்த இடத்தில் சேர்த்தீர்கள் என்று முதலில் பாருங்கள். டொமைன் வாங்கிய இடம் ஒன்று, அதன் டி.என்.எஸ். பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் காட்டும் இடம் வேறு என்பது பல கம்பெனிகளில் உண்டு. நான் பார்த்த ஒரு தோல் யூனிட்டில் அப்படித்தான்: வாங்கிய கம்பெனியின் பக்கத்தில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள், நேம்சர்வரோ பழைய ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

```
nslookup -type=ns example.in
nslookup -type=cname 12345678.example.in
```

example.in இருக்கும் இடத்தில் உங்கள் டொமைனையும், 12345678 இருக்கும் இடத்தில் அவர்கள் தந்த எண்ணையும் போட்டு, கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் இந்த இரண்டு வரிகளையும் ஓட்டுங்கள். முதல் வரி காட்டும் இடத்தில்தான் பதிவு இருக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு விடை வராவிட்டால், பெயர்ப் பெட்டியில் முழு டொமைனையும் அடித்தீர்களா என்று பாருங்கள். சில பக்கங்கள் அதன் பின்னால் டொமைனை மறுபடி ஒட்டிவிடும், பெயர் 12345678.example.in.example.in ஆகிவிடும். எண்ணை மட்டும் அடித்தால் சரியாகிவிடும். பரவ 72 மணி நேரம் வரை ஆகலாம். MX பதிவில் கை வைக்காதீர்கள், வரும் மெயில் நின்றுபோகும்.

காட்பாடி வாசகர்: புதுக் கணக்கு திறந்து அதே டொமைனைப் போட்டா முடிஞ்சுதே அண்ணே?

டொமைனைக் காட்டி நிரூபிப்பது என்ற வரை சரி. ஆனால் பழைய கணக்கில் அது இன்னும் இருக்கிறதே, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்துவிடும். அப்படியே கிடைத்தாலும் பழைய மெயிலும் டிரைவ் கோப்புகளும் பழைய கணக்கிலேயே கிடக்கும்.

குடியாத்தம் வாசகி: என் ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, இதே மாதிரி எடுக்கலாமா?

முடியாதும்மா. gmail.com உங்கள் டொமைன் இல்லையே. உங்கள் மீட்பு போன், மெயில் வழியாகத்தான் போக வேண்டும்.

வாலாஜா வாசகர்: டொமைனே வெப்சைட் செய்தவர் பேருல இருக்கு. அவரும் பதில் தரல.

இதுதான் கஷ்டமான இடம். டொமைன் உரிமையாளர் பதிவில் உங்கள் கம்பெனி பெயர் இருந்தால், ஜி.எஸ்.டி. சான்றிதழ், பணம் கட்டிய ரசீது இரண்டையும் லெட்டர்ஹெட்டோடு பதிவாளர் கம்பெனிக்கு அனுப்புங்கள். அவர் பெயரே இருந்தால், அவர்கள் அவரைத்தான் உரிமையாளராகப் பார்ப்பார்கள், ரசீது ஒன்றே போதும் என்று என்னால் சொல்ல முடியாது. .in டொமைனுக்கு INDRP என்ற நடுவர் வழி இருக்கிறது. அதில் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், அவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கிறார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஆம்பூர் வாசகர்: கிடைச்சுடுச்சு அண்ணே! அப்புறம்?

இன்றைக்கே அந்தத் தம்பியின் மீட்பு போனை நீக்குங்கள். முதலாளி பெயரில் இன்னொரு சூப்பர் அட்மினைச் சேருங்கள். அதற்கப்புறம் அந்த CNAME பதிவை அழித்துவிடலாம்.